இருமுறை போன கட்டணம்: கல்லூரிக்கு எப்படி எழுதுவது?

கட்டணம் கட்டக் கடைசி நாள் மாலையில் கல்லூரிகளின் இணையதளம் திணறுவது வழக்கம். யூபிஐ-யில் பணம் அனுப்பியதும் திரை சுற்றிக்கொண்டே நிற்கும். பிறகு 'தோல்வி' என்று வரும். அபராதத்துக்குப் பயந்து உடனே மறுபடியும் கட்டுவார்கள், ரசீதும் வந்துவிடும். இரவில் வங்கியின் குறுஞ்செய்திகளைப் பார்க்கும்போதுதான் இரண்டு முறையும் பணம் போயிருப்பது தெரியும். மறுநாள் காலையிலேயே கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதத் தோன்றும். ஆனால் அன்றே எழுதினால் பலன் இருக்காது. பணம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் கணக்கிலிருந்து கழிந்த பணம் கல்லூரிக் கணக்குக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றிருக்கலாம். அப்படியானால் அதைத் திருப்பித் தருவது வங்கியின் பொறுப்பு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்கென ஓர் உத்தரவு போட்டது. யூபிஐ வழியாக ஒரு நிறுவனத்துக்குக் கட்டி, அந்த நிறுவனத்துக்கு உறுதிச் செய்தி போகாத பணம் 5 நாட்களுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் வங்கி நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ஆகவே ஒரு வாரம் பொறுத்து, கணக்கு விவரத்தை எடுத்துப் பாருங்கள். பணம் திரும்ப வரவாகியிருந்தால் கடிதத்துக்கே வேலையில்லை.

வரவாகவில்லை என்றால், இரண்டு தொகையும் கல்லூரிக் கணக்கில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். பல கல்லூரிகள் பயன்படுத்தும் SBI Collect தளத்தில் இதை நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டணத்துக்கும் DU என்று தொடங்கும் எண் ஒன்று உண்டு. Payment History பகுதியில் தேடும்போது ஒரே தேதியில் இரண்டு DU எண்களுக்கும் ரசீது இறங்கினால் பணம் கல்லூரியிடம்தான் இருக்கிறது. அதன்பின் வங்கியில் முறையிட்டால், கல்லூரியிடம் கேளுங்கள் என்றுதான் அனுப்புவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கல்லூரிக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, வங்கி செயலியிலும் 'இந்தப் பரிவர்த்தனையில் தகராறு' என்று பதிவு செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் பணத்தைத் திருப்பிவிட்டால், உங்கள் பெயரில் கட்டண பாக்கி நிற்கும். தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட் வாங்கப் போகும்போதுதான் அது வெளியே தெரியும்.

கல்லூரியின் கணக்குப் பிரிவு இதை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் கடிதத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதும் விளங்கிவிடும். ஒவ்வொரு மாணவர் பெயரிலும் அந்தப் பருவத்துக்கு ஒரு 'டிமாண்ட்' இருக்கும். பணம் வந்ததும் மென்பொருள் அதை அந்த டிமாண்டில் கழித்து ரசீது போடும். இன்னொரு முறை பணம் வந்தால் கழிக்க டிமாண்ட் இருக்காது. அது யார் பெயரிலும் சேராத தொகையாக ஒதுங்கிக் கிடக்கும். அதோடு, வங்கியிலிருந்து கல்லூரிக்குப் பணம் ஆள்வாரியாக வராது. அன்றைய வசூல் முழுவதும் பெரும்பாலும் ஒரே தொகையாகத்தான் வரும். நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் உங்கள் வரி எது என்று எழுத்தர் கண்டுபிடிக்க வேண்டும். பரிவர்த்தனை எண் இல்லாமல் அவரால் அது முடியாது. தொகையை மட்டும் சொன்னால், அதே தொகையை அன்று கட்டியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

இரண்டாம் ஆண்டு பி.காம். மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் பருவக் கட்டணம் 18,750 ரூபாய். இரவு 7.42-க்குக் கட்டியபோது 'தோல்வி' என்று வந்தது, 7.51-க்கு மறுபடி கட்டினார். கல்லூரி ரசீது இரண்டாவதுக்குத்தான் கிடைத்தது. எனவே ஒதுங்கிக் கிடப்பது முதலில் கட்டிய தொகை. அவர் எழுத வேண்டிய கடிதம் இப்படி இருக்கலாம்:

*பெறுநர்: கல்லூரி முதல்வர் அவர்கள்*
*வழி: வணிகவியல் துறைத் தலைவர் அவர்கள்*

*பொருள்: மூன்றாம் பருவக் கட்டணம் இருமுறை செலுத்தப்பட்டது – அடுத்த பருவத்தில் ஈடுசெய்யக் கோருதல்.*

*மதிப்பிற்குரிய ஐயா,*

*நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் பதிவு எண் ……. மூன்றாம் பருவக் கட்டணம் ரூ.18,750-ஐ ஜூலை 10 அன்று இரவு 7.42 மணிக்கு யூபிஐ மூலம் செலுத்தினேன் (பரிவர்த்தனை எண் ……). தோல்வி எனத் திரையில் வந்ததால் 7.51 மணிக்கு மீண்டும் அதே தொகையைச் செலுத்தினேன் (பரிவர்த்தனை எண் ……). இரண்டாவதற்கு மட்டும் கல்லூரி ரசீது (எண் ……) வந்தது. ஜூலை 20 வரையிலான வங்கிக் கணக்கு விவரப்படி முதல் தொகை எனக்குத் திரும்பவில்லை.*

*கூடுதலாக வந்த ரூ.18,750-ஐ நான்காம் பருவக் கட்டணத்தில் ஈடுசெய்து, அதை எனக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு வழியில்லையெனில், பணம் கட்டிய என் தந்தையின் கணக்குக்கே திருப்பி அனுப்ப வேண்டுகிறேன்.*

*இணைப்பு: வங்கிக் கணக்கு விவரம், கல்லூரி ரசீது, தந்தையின் பாஸ்புக் முதல் பக்க நகல்.*

'இரண்டு முறை வசூலித்துவிட்டீர்கள்' என்று இந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. கல்லூரி வசூலிக்கவில்லை, பணம் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குற்றம் சாட்டும் தொனி வந்தால் கடிதம் எழுத்தரின் மேசைக்குப் போகாமல் விளக்கம் கேட்கும் கோப்பாக மாறிவிடும். எந்தத் தொகை கூடுதல் என்பதை மாணவியே சுட்டிக்காட்டியிருப்பதும், கோரிக்கையை வரிசைப்படுத்தி இரண்டாகக் கேட்டிருப்பதும் முக்கியம். 'திருப்பித் தாருங்கள் அல்லது ஈடுசெய்யுங்கள்' என்று பொதுவாக எழுதினால், எது வேண்டும் என்று கேட்டுக் கடிதம் திரும்பி வரும்.

எதைக் கேட்பது நல்லது? என் கருத்தில், இன்னும் பருவங்கள் மீதியிருக்கும் மாணவருக்கு ஈடுசெய்வதே சுலபம். பணத்தைத் திருப்ப முதல்வர் ஒப்புதல், காசோலை, தணிக்கைக்கான குறிப்பு என்று படிகள் அதிகம். ஈடுசெய்வது பேரேட்டுக்குள்ளேயே முடிகிற வேலை. ஆனால் தலைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். தேர்வுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் பெரும்பாலும் தனித்தனி வங்கிக் கணக்குகளுக்குப் போகின்றன. இருமுறை போனது தேர்வுக் கட்டணம் என்றால், அதைக் கல்விக் கட்டணத்தில் கழிக்கச் சொல்வது வீண். இறுதிப் பருவ மாணவர் பணத்தைத்தான் கேட்க வேண்டும். கல்விக் கடனில் வங்கியும் நேரடியாகக் கட்டி, வீட்டிலும் கட்டியிருந்தால், கடிதம் எழுதுமுன் கடன் கொடுத்த கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் தொகை கடன் கணக்கில்தான் ஏற வேண்டும் என்று அவர்கள் சொல்லக்கூடும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது அது தேவைப்படும். ஈடுசெய்ய ஒப்புக்கொண்ட பிறகும் மென்பொருளில் முழு டிமாண்டும் அப்படியே நிற்பதுண்டு. நான்காம் பருவக் கட்டணம் 19,200 ரூபாய் என்றால் திரையில் 450 ரூபாய்தான் பாக்கி காட்ட வேண்டும். 19,200 காட்டினால் கடைசித் தேதிக்கு முன்பே முத்திரையிட்ட நகலோடு கணக்குப் பிரிவுக்குப் போய்த் திருத்தச் சொல்லுங்கள். தேதி தாண்டிவிட்டால் அபராதமும் சேர்ந்துவிடும்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால், முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் கொடுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் போகலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள்படி அந்தக் குழு இயன்றவரை 15 வேலை நாட்களுக்குள் தன் அறிக்கையைத் தர வேண்டும். அந்த முடிவில் திருப்தி இல்லாவிட்டால், 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.