அசல் ஏன் குறைய மறுக்கிறது?

வீட்டுக்கடன் வாங்கி ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் தவணை கட்டியவர், ஒரு நாள் வங்கியிலிருந்து கடன் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தால் திகைத்துப்போவார். 30 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 26,992 ரூபாய். ஐந்து வருடத்தில் அவர் கட்டியது ஏறக்குறைய 16 லட்சத்து 20 ஆயிரம். கடன் பாக்கியோ 26 லட்சத்து 61 ஆயிரம். கட்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான் கடனைத் தொட்டிருக்கிறது.

"முதல்ல வட்டியை எல்லாம் வசூல் பண்ணிட்டுத்தான் அசலுக்கே வருவாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் விளக்கம் சொல்வார். பார்வைக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் வங்கி வருங்கால வட்டியை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதில்லை. அந்தந்த மாதம் பாக்கியிருக்கும் தொகைக்கு அந்தந்த மாதத்து வட்டி, அவ்வளவுதான்.

முதல் மாதத்தைப் பாருங்கள். 9 சதவீதத்தை 12 ஆல் வகுத்தால் மாதத்துக்கு முக்கால் சதவீதம். 30 லட்சத்துக்கு அது 22,500 ரூபாய். தவணையான 26,992இல் இதைக் கழித்தால் மிச்சம் 4,492. இந்த மிச்சம் மட்டுமே அசலில் வரவாகிறது. இரண்டாம் மாதம் பாக்கி 29,95,508 ரூபாய் என்பதால் வட்டி 22,466 ஆகிறது. குறைந்த 34 ரூபாய் அசல் பக்கம் போய்ச் சேர்கிறது. மூன்றாம் மாதமும் அப்படியே. 240 மாதமும் இதே கணக்குதான்.

26,992 என்ற எண் எங்கிருந்து வந்தது? மாதம் 22,500 கட்டினால் வட்டிக்குச் சரியாகப் போய்விடும். பேரன் காலத்திலும் கடன் 30 லட்சமாகவே நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு சேர்த்துக் கட்டினால் 240ஆம் மாதம் பாக்கி பூஜ்யமாகும் என்று பார்த்தால் கிடைக்கும் தொகை 4,492. தவணை முழுவதும் சம தொகையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு நாம் கொடுக்கும் விலை இது: கடன் பெரிதாக இருக்கும் தொடக்க வருடங்களில் வட்டி தவணையின் பெரும் பகுதியை விழுங்கிவிடுகிறது.

அசலுக்குப் போகும் பங்கு மாதாமாதம் முக்கால் சதவீதம் வளர்கிறது. கூட்டுவட்டி இங்கே கடன்காரர் பக்கம் நின்று வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக. தவணையில் அசல் பங்கு வட்டிப் பங்கை முந்துவது 149ஆம் தவணையில், அதாவது 12 வருடம் கடந்த பிறகு. பத்து வருட முடிவில், பாதிக் காலம் போன பிறகும், அடைந்திருப்பது 8 லட்சத்து 69 ஆயிரம்தான். கடன் பாதியாவதற்கு 14 வருடம் ஆகும். கடைசித் தவணையில் வட்டி வெறும் 201 ரூபாய். 20 வருடமும் இப்படியே கட்டினால் வட்டி மட்டும் சுமார் 34 லட்சத்து 78 ஆயிரம், வாங்கிய கடனைவிட அதிகம்.

நடைமுறையில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. பல வங்கிகள் தினசரி பாக்கிக்கு வட்டி போடுகின்றன. அதனால் 31 நாள் மாதத்தில் முதல் வட்டி 22,932 ஆகவும், பிப்ரவரியாக இருந்தால் 20,712 ஆகவும் வரும். ஸ்டேட்மென்ட்டில் வட்டி ஏறி இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பதற வேண்டியது வட்டி விகிதம் மாறும்போது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்களை வெளி அளவுகோல் ஒன்றுடன் இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரும்பாலும் அது ரெப்போ விகிதம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமானது. 2020 நவம்பரில் 6.75 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கிய ஒருவருக்குத் தவணை 22,811 ரூபாய். ஒன்றரை வருடத்தில் அவர் பாக்கி 28 லட்சத்து 88 ஆயிரம் ஆகியிருக்கும். படிப்படியாக நடந்த ஏற்றத்தை ஒரே தாவலாக எடுத்து 9.25 சதவீதம் என்று போட்டால், அவருடைய மாத வட்டி சுமார் 22,261. அசலுக்கு மிஞ்சுவது 550 ரூபாய்.

பல வங்கிகள் தவணையை ஏற்றவில்லை, காலத்தை நீட்டின. வாடிக்கையாளர் கணக்கில் பிடிபடும் தொகை மாறவில்லை என்பதால் பலருக்கு விஷயமே தெரியவில்லை. மேற்சொன்னவர் அதே தவணையில் தொடர்ந்தால் இன்னும் 40 வருடம் கட்ட வேண்டும். வட்டி இன்னும் கொஞ்சம் ஏறினால் தவணை வட்டிக்கே போதாது; கட்டக் கட்டக் கடன் வளரும். இதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. காலத்தை நீட்டுவதால் கடன் வளரும் நிலை வரக் கூடாது, விகிதம் மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கவிட வேண்டும் என்று உத்தரவிட்டது.

இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் திரும்பும். பழைய 9 சதவீதக் கடனில் முதல் வருட முடிவில் போனஸோ சீட்டுப் பணமோ ஒரு லட்சம் வருகிறது. அதை அசலில் கட்டுகிறீர்கள். தவணையை மாற்றாமல் விட்டால் 19 தவணைகள் குறைகின்றன. 5 லட்சத்து 13 ஆயிரம் கட்ட வேண்டியது இல்லாமல் போகிறது. கட்டிய ஒரு லட்சம் போக மிச்சம் 4 லட்சத்து 13 ஆயிரம். மாறாக, காலம் அப்படியே இருக்கட்டும், தவணையைக் குறையுங்கள் என்றால் மாதம் 917 ரூபாய் குறையும், மொத்த மிச்சம் ஒரு லட்சத்து 9 ஆயிரத்தோடு நின்றுவிடும். எழுதிக் கொடுக்கும்போது எதைக் கேட்கிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்பது 2012 முதல் இருக்கும் விதி.

அதே லட்சத்தை 15 வருடம் கழித்துக் கட்டினால் மிச்சம் 54 ஆயிரம்தான். "வட்டியெல்லாம் கட்டி முடிச்சாச்சு, இனிமே முன்கூட்டிக் கட்டி என்ன பிரயோஜனம்?" என்பவர்கள் இதைத்தான் சுட்டுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்போது கட்டும் ரூபாயும் அதே 9 சதவீத வட்டியைத்தான் தவிர்க்கிறது. உழைப்பதற்கு அதற்குக் கிடைக்கும் வருடங்கள்தான் குறைவு. வரி போக 9 சதவீதம் உறுதியாகத் தரும் முதலீடு கையில் இருந்தால் தவிர, கடனை அடைப்பதே மேல். அவசரத் தேவைக்கு ஒதுக்கியதை மட்டும் தொட வேண்டாம்.

இதுவரை பிடித்த அசல், வட்டி, மிச்சமிருக்கும் தவணைகளின் எண்ணிக்கை, வட்டி விகிதம் ஆகியவற்றைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டை ஒவ்வொரு காலாண்டும் தர வேண்டும் என்று அதே 2023 உத்தரவு சொல்கிறது. வந்ததும் முதலில் தவணைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். போன காலாண்டைவிட மூன்று குறையாமல் கூடியிருந்தால், அன்றே கிளைக்குப் போய்த் தவணையை ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.