இன்று எனக்கு இரண்டு வயது

நாற்பதைத் தாண்டிய நண்பர் கேக் வெட்டும் படத்தை அனுப்பி, கீழே ‘இன்று எனக்கு 2 வயது’ என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், நேயர்களே. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவராக இருக்கலாம். கொடையாளரின் ஸ்டெம் செல்கள் உடலில் ஏறும் நாளை மருத்துவர்களே ‘பூஜ்ய நாள்’ என்றுதான் குறிக்கிறார்கள். அதில் கத்தியே கிடையாது. ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பை, ஒரு குழாய், அவ்வளவுதான். கொடையாளரின் ரத்த வகை வேறு என்றால், சில மாதங்களில் இவருடைய வகையும் அதுவாகவே மாறிவிடும்.

பழைய மஜ்ஜையோடு, சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பும் பெரும்பாலும் போய்விடுகிறது. அதனால் நிமோனியா, டெட்டனஸ் என்று எல்லாவற்றையும் கைக்குழந்தைக்குப் போல முதலிலிருந்து போட வேண்டும். சில மாதங்களிலேயே தொடங்கிவிடலாம். ஆனால் தட்டம்மை ஊசியில் வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி இருப்பதால், பொதுவாக 2 வருடம் பொறுக்கச் சொல்வார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தொடர்ந்தாலோ, கொடையாளரின் செல்கள் உடலைத் தாக்கிக்கொண்டிருந்தாலோ இன்னும் தள்ளிப்போகும். போலியோவுக்கும் இவர்களுக்குச் சொட்டு மருந்து ஆகாது, ஊசிதான்.