பத்து மணிக்குப் பிறகு ஸ்பீக்கர்

கல்லூரி விடுதியில் ப்ளூடூத் ஸ்பீக்கர் சண்டை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "சவுண்டைக் கொறைடா" என்று பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டுவான். "கம்மியாத்தான்டா வெச்சிருக்கேன்" என்பான் உள்ளே இருப்பவன். இருவர் சொல்வதும் உண்மை. பாடகர் குரலையும் வயலினையும் செங்கல் சுவர் பெருமளவு தடுத்துவிடும். தாளத்தின் 'தும் தும்' தாழ்ந்த ஒலி என்பதால் சுவரைத் தாண்டிப் போய்விடும். சுவரில் பதித்த சிமெண்ட் அலமாரியில் ஸ்பீக்கரை வைத்தால் பலகையும் சேர்ந்து அதிரும். தூங்க முயல்பவனுக்குப் பாட்டு கேட்காது, இடி மட்டும் கேட்கும்.

ஆகவே "இரவில் சத்தம் கூடாது" என்று காப்பாளருக்கு எழுதிக் கொடுப்பதில் பயனில்லை. டெசிபல் கணக்கும் இங்கே கைகொடுக்காது. ஒலி மாசு குறித்த 2000ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். ஆனால் கைபேசிச் செயலிகள் வழக்கமாகக் காட்டும் அளவு மனிதக் காதை ஒட்டியது. அதில் தாழ்ந்த ஒலியின் எடை வெகுவாகக் குறைக்கப்பட்டிருக்கும். செயலி நல்ல எண்ணைக் காட்டும்போதே சுவருக்கு அப்பால் ஒருவன் புரண்டு படுத்துக்கொண்டிருப்பான்.

கடிதத்தை இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய காப்பாளர் அவர்களுக்கு, வணக்கம். மேற்சொன்ன விதிகள் இரவு என்று வகுத்துள்ள 10 மணி முதல் காலை 6 மணி வரை அறைகளில் ஸ்பீக்கரை அணைத்து வைக்க வேண்டும் என அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பாட்டை மட்டும் நிறுத்தினால் போதாது, ஸ்பீக்கரின் பொத்தானையே அணைக்க வேண்டும். இயர்போனுக்குத் தடை வேண்டாம். மற்ற நேரங்களில் ஸ்பீக்கரைச் சுவர் அலமாரியில் வைக்காமல், மேசைமேல் மடித்த துண்டில் வைக்கச் சொல்லுங்கள். கதவைச் சாத்திய பிறகும் பக்கத்து அறையில் சுவரோரக் கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தாளம் கேட்டால், ஒலி அதிகம் என்று கொள்ளலாம். முதல் புகாருக்கு எச்சரிக்கை. அடுத்ததற்கு ஒரு வாரம் ஸ்பீக்கர் தங்கள் பொறுப்பில் இருக்கட்டும்."

பொத்தானை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாட்டை நிறுத்தினாலும் கைபேசியோடு ஸ்பீக்கரின் இணைப்பு அறுவதில்லை. பல கைபேசிகளில் விடியற்காலை அலாரமும் நள்ளிரவில் வரும் அழைப்பும் ஸ்பீக்கர் வழியாகவே அலறும். கைபேசிக்காரன் கழிவறைக்குப் போயிருந்தால் அதை நிறுத்தவும் ஆள் இருக்காது. சில மாடல்களில் வேறு அறைக்காரரின் கைபேசியும் எளிதாக இணைந்துவிடும். அப்போது குற்றம் யாருடையது என்பதே தெரியாது.

புகார் கொடுத்தவரின் பெயர் வெளியே போகாது என்ற உறுதியையும் கடிதத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரே வராந்தாவில் வருடம் முழுக்க முகம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். சோதிக்க வரும் காப்பாளர் வராந்தாவில் நிற்கக் கூடாது. அங்கே கதவிடுக்கில் கசியும் பாட்டுதான் பெரிதாகக் கேட்கும். புகார் வந்த சுவரை ஒட்டிய அறைகளுக்குள் போய், சுவரருகே நின்று கேட்க வேண்டும்.