கடனை முன்னாடியே முடிச்சா கணக்கை எப்படி முடிக்கணும்?



போன தணிக்கையின்போது எங்களிடம் வந்த ஒரு கேள்வியைப் பற்றி இங்கே எழுதுகிறோம். நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழு மசாலாப் பொடி தயாரிக்கிறது. பத்துப் பேரும் சேர்ந்து நடத்தும் தொழில். 2025 டிசம்பர் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு உறுப்பினர் கேட்டார்: "கடனை முடிச்சா நல்லதுன்னு சொன்னீங்க. முடிச்ச மாசத்துல லாபமே காணோமே, எங்க போச்சு?" நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, கடன் வாங்கிய நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

2024 ஏப்ரலில் அரவை இயந்திரம் வாங்க ஒரு தனியார் நிதி நிறுவனத்திடம் குழு 3,00,000 ரூபாய் கடன் எடுத்தது. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி. கடைசி வரை வட்டி விகிதம் மாறாது. 36 மாதத் தவணை, மாதம் 10,846 ரூபாய். பிராசசிங் பீஸ் 3 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி. 1,620. ஆக மொத்தம் 10,620 ரூபாயைக் கடன் தரும்போதே பிடித்துக்கொண்டார்கள். வங்கிக் கணக்கில் ஏறியது 2,89,380 மட்டுமே.

இந்த இடத்தில்தான் பல குழுக்கள் தவறு செய்கின்றன. கைக்கு வந்தது 2,89,380 என்பதால் கடன் பேரேட்டிலும் அதையே எழுதிவிடுகிறார்கள். ஆனால் நாம் திருப்பித் தர வேண்டியது 3,00,000. கடன் கணக்கில் 3,00,000 என்றே எழுத வேண்டும். பிடித்த 10,620-ஐத் தனிப் பேரேட்டில் வைக்க வேண்டும். இந்தக் குழுவின் கணக்காளர் அதைச் சரியாகச் செய்திருந்தார்.

அந்த 10,620-ஐ ஒரே மாதச் செலவாகவும் அவர் போடவில்லை. கடன் 36 மாதம் உதவப் போகிறது, அதனால் அந்தச் செலவையும் 36 மாதத்துக்குப் பிரித்தார். மாதம் 295 ரூபாய். 2024 மே மாத முதல் தவணையிலிருந்து மாதாமாதம் 295 செலவில் ஏறும். மீதி, ஆஸ்தி பக்கத்தில் "எழுதி முடிக்காத பிராசசிங் பீஸ்" என்று நிற்கும். வீட்டில் ஒரு மூட்டை அரிசி வாங்கி வைத்துவிட்டுத் தினமும் ஒரு படி எடுத்துச் செலவழிப்பது மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம்: இந்த மூட்டையில் நிஜமாக ஒன்றும் இல்லை. பணம் போனது போனதுதான். ஏட்டில் மட்டும் மிச்சம் நிற்கிறது.

கல்யாண சீசனில் பெரிய ஆர்டர் வந்து குழுவின் கணக்கில் 1,80,000 ரூபாய் சேர்ந்தது. சேமிப்புக் கணக்கில் அது சும்மா கிடக்க, கடனுக்கு 18 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். 2025 டிசம்பரில் 20-ஆவது தவணையைக் கட்டிவிட்டு, அன்றே மீதியை முடிப்பதற்கான தொகை விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கினார்கள். அசல் நிலுவை 1,53,257. முன்கூட்டி முடிப்பதற்கான ஃபோர்குளோசர் கட்டணம் அதில் 4 சதவீதம், 6,130. அதற்கு ஜி.எஸ்.டி. 1,103. மொத்தம் 1,60,490. ஒருநாள் தள்ளினால் அந்த நாள் வட்டியாகச் சுமார் 75 ரூபாய் கூடும், அதனால் தவணை நாளிலேயே முடித்தது நல்லது.

முடிப்பதா வேண்டாமா என்று கூட்டத்தில் பேசியபோது ஒருவர் சொன்னாராம்: "7,233 தண்டம் கட்டணும். பிராசசிங் பீஸ்லயும் 16 மாசத்துக்கு 4,720 வீணாப் போகுது. பேசாம தவணையே கட்டுவோம்." இதில் பாதி சரி, பாதி தவறு. 7,233 புதிதாக நம் கையை விட்டுப் போகும் பணம், அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். 4,720 அப்படியில்லை. கடனை முடித்தாலும் தொடர்ந்தாலும் அது 2024 ஏப்ரலிலேயே போய்விட்டது, திரும்பி வராது. முடிவெடுக்கும்போது அதைச் சேர்த்து எண்ணக் கூடாது. எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டியது, மீதி 16 தவணையில் கட்ட வேண்டியிருந்த வட்டி. அது சுமார் 20,260 ரூபாய். அதில் 7,233-ஐக் கழித்தால் சுமார் 13,000 ரூபாய் மிச்சம். சேமிப்புக் கணக்கில் அந்தப் பணம் ஈட்டியிருக்கும் சொற்ப வட்டியைக் கழித்தாலும் லாபமே. சொந்தப் பணம் இல்லாமல் வேறு கடன் வாங்கி இதை அடைப்பதாக இருந்தால் கணக்கு வேறு. புதுக் கடனின் வட்டியையும் அதன் பிராசசிங் பீஸையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பல நேரம் அந்த 13,000 அதிலேயே கரைந்துவிடும்.

இனி ஏட்டுக்கு வருவோம். அன்றைக்கு இரண்டு பதிவுகள் தேவை. முதலாவது பணம் போன பதிவு: வங்கியிலிருந்து 1,60,490 பற்று. அதில் 1,53,257 கடன் கணக்கில் அடைபடும், 7,233 செலவாகும். இரண்டாவதில் பணம் நகராது, ஜர்னல் வவுச்சர் மட்டுமே: எழுதி முடிக்காத பிராசசிங் பீஸ் 4,720-ஐ அப்படியே அந்த மாதச் செலவுக்கு மாற்ற வேண்டும். கடனே இல்லாதபோது, அந்தக் கடனுக்காகச் செய்த செலவு ஆஸ்தியாக நிற்க முடியாது. (ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, கட்டிய வரியை வரவு எடுக்கும் தொழிலாக இருந்தால் வரியைத் தனியே காட்ட வேண்டும். இந்தக் குழு பதிவு பெறவில்லை, எனவே வரியும் செலவுதான்.)

ஆக, அந்த டிசம்பரில் வழக்கமில்லாத செலவு 7,233-ம் 4,720-ம் சேர்த்து 11,953. இது இல்லாவிட்டால் அந்த மாத லாபம் 14,000 இருந்திருக்கும். கணக்கில் வந்தது 2,047. அந்த உறுப்பினர் தேடிய லாபம் இங்கேதான் போனது. அடுத்த மாதத்திலிருந்து கட்ட வேண்டியிருந்த 2,299 ரூபாய் வட்டியும் இல்லை, 295-ம் இல்லை. இதை விளக்கிச் சொன்னதும், "அப்போ அறிக்கையில ரெண்டையும் தனித்தனியாப் போட்டிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்" என்றார். அதுவும் சரியே. இரண்டையும் "இதர செலவு" என்று ஒன்றாகப் போட்டிருந்தார் கணக்காளர்.

சரியாக முடிந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. மாதக் கடைசியில் கடன் பேரேடும் பூஜ்யம், பிராசசிங் பீஸ் பேரேடும் பூஜ்யம் காட்ட வேண்டும். கடன் பேரேட்டில் 7,233 அதிகம் கட்டியதாகத் தெரிந்தால் கட்டணத்தை அசலில் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம். 10,620 அதிகம் கட்டியதாகத் தெரிந்தால், தொடக்கத்திலேயே கைக்கு வந்ததை மட்டும் எழுதியிருக்கிறார்கள். கடன் முடிந்த பிறகும் மாதாமாதம் 295 செலவு ஏறினால் இரண்டாவது பதிவை மறந்துவிட்டார்கள். வேறொரு குழுவில் இந்த மறதியால் லாபம் கூடுதலாகத் தெரிந்து, அதையும் பங்கு பிரித்துவிட்டார்கள். திருப்பிக் கேட்க முடியாமல் சங்கடமாகிப் போனது.

கட்டணம் கேட்கவே அவர்களுக்கு உரிமை உண்டா என்பதையும் முதலில் பாருங்கள். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட, வட்டி மாறக்கூடிய தொழில் கடன்களைத் தனிநபர்களும் குறு, சிறு தொழில்களும் முன்கூட்டி முடித்தால், வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் உத்தரவிட்டது. சிலவகை நிறுவனங்களுக்கு இது 50 லட்சம் வரையுள்ள கடனுக்கு மட்டும். மேலே சொன்ன கடன் பழையது, வட்டியும் மாறாதது, அதனால் இந்தச் சலுகை கிடைக்கவில்லை. நுண்கடன் என்ற வகையில் தரப்பட்ட கடனாக இருந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதமே கிடையாது. வாங்கும்போது கே.எஃப்.எஸ். தாள் தந்திருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது.

பணம் கட்டியதும் ரசீதோடு நிலுவை இல்லாச் சான்றையும், கொடுத்து வைத்த காசோலைகளையும் வாங்கிக்கொண்டு, வங்கியில் தானாகத் தவணை பிடிக்கும் உத்தரவை ரத்து செய்துவிட்டு வாருங்கள். அந்தக் குழு இதை மறந்ததால் ஜனவரி 5-இல் மறுபடி 10,846 பிடித்தார்கள். திரும்பி வர மூன்று வாரம் ஆனது.