வயதைக் கழித்துப் பார்ப்போம்

எனது ராத்தாவுக்கு 23 வயது. பட்டயக் கணக்காளர் ஆவதற்காகப் படிக்கிறார். அதற்குப் பரீட்சைகள் மட்டும் போதாது, மூன்று வருடத் தொழிற்பயிற்சியும் முடிக்க வேண்டும். ஒரு நாள் அவரது கைத்தொலைபேசியில் ஒரு காணொளி வந்தது: “22 வயதில் பட்டயக் கணக்காளர்!” அன்று இரவு ராத்தா புத்தகத்தைத் திறக்கவில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் அந்தக் காணொளியை மீண்டும் பார்த்தோம். இம்முறை பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டோம். அந்தச் சகோதரி சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு, 16 வயதிலேயே கணக்கியல் வகுப்புக்குப் போயிருக்கிறார். அப்படியானால் அவருக்கு எடுத்த காலம் ஆறு வருடம். ராத்தா உயர்தரத்தை இரண்டாம் தடவையும் எழுதிவிட்டு, 20 வயதில் தொடங்கியவர். ஆறு வருடம் என்றால் அவருக்கு 26 வயதாகும். இருவரின் வேகமும் ஒன்றுதான், தொடங்கிய இடம்தான் வேறு. தலைப்பில் வயது மட்டும் இருந்தது, தொடங்கிய வயது இல்லை. ஆகவே பிறரது கதையைக் கேட்டால் முடித்த வயதிலிருந்து தொடங்கிய வயதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, நமது வேகத்தை எப்படி அறிவது? சென்ற முறை தோழிகள் மூன்று பாடங்களுக்கு விண்ணப்பித்தார்கள் என்று ராத்தாவும் மூன்றுக்கு விண்ணப்பித்தார். இரண்டில் சித்தியடையவில்லை. இம்முறை மணித்தியாலங்களை எண்ணினார். பயிற்சியும் பஸ் பயணமும் போக, வேலை நாட்களில் ஒரு மணித்தியாலம்தான் மிஞ்சும். சனி, ஞாயிறு நான்கு நான்கு. வாரத்துக்கு 13. பரீட்சைக்கு இருந்தது 20 வாரம், ஆக 260 மணித்தியாலம். சித்தியடைந்த பாடத்துக்கு அவருக்குச் சுமார் 120 மணித்தியாலம் தேவைப்பட்டிருந்தது. மூன்று பாடத்துக்கு 360 வேண்டும், அது இல்லை. இரண்டுக்கு 240 போதும், கடந்தகால வினாத்தாள்களுக்கு இன்னும் 20 மிஞ்சும். இரண்டு பாடங்களுக்கு மட்டுமே விண்ணப்பித்தார், இரண்டிலும் சித்தியடைந்தார்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. “என் வேகம் இதுதான்” என்பது சோம்பலுக்குச் சாட்டாகவும் மாறலாம். அதைக் கண்டுபிடிக்க ராத்தா கலண்டரில் ஒவ்வொரு வாரமும் படித்த மணித்தியாலத்தை எழுதுவார். 13 என்று சொன்னவர் நான்கு வாரம் தொடர்ந்து 6, 7 என்று எழுதினால், அது நிதானம் அல்ல, தாமதம். அப்போது நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது திட்டத்தைக் குறைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முன்பெல்லாம் எங்கள் உம்மா, “உன்னோடு படித்த பிள்ளை முடித்துவிட்டாளாமே, நீ எப்போது?” என்று கேட்பார். இப்போது கலண்டரைப் பார்த்துவிட்டு, “இந்த வாரம் ஒன்பதுதானே மகள், ஞாயிறு சமையலை நான் பார்க்கிறேன்” என்கிறார். முதல் கேள்விக்கு ராத்தாவிடம் பதில் இருந்ததில்லை. இரண்டாவதில் அவருக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தது.