‘சார், இருக்கீங்களா?’

‘சார், இருக்கீங்களா?’ என்று மட்டும் வாட்ஸ்அப்பில் மாணவர் அனுப்பும் செய்தி, வீட்டு வாசலில் நின்று கொடுக்கும் குரலைப் போன்றது. உள்ளிருந்து ‘யாரு? வாப்பா’ என்று பதில் வந்த பிறகுதான் வந்தவர் படியேறி விஷயத்தைச் சொல்வார். ஆசிரியரிடம் எடுத்த எடுப்பில் சந்தேகத்தைக் கொட்டுவது மரியாதை இல்லை என்று பழகிய பிள்ளை, அதே பழக்கத்தைக் கைப்பேசிக்கும் கொண்டுவருகிறது.

கூப்பிடுவதற்கும் பதில் சொல்வதற்கும் உள்ள இந்த ஒழுங்கை அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப் 1968இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது தொலைபேசி உரையாடல்களின் தொடக்கம். மணி அடிப்பது அழைப்பு, ‘ஹலோ’ என்பது பதில். பதில் கிடைத்ததும் பேச்சைத் தொடரும் கடமை அழைத்தவருக்கு வந்துவிடுகிறது. பதில் சொன்னவர் காதுகொடுக்க வேண்டியவராகிறார். தொலைபேசியில் இது இரண்டு நொடியில் முடிகிறது. வாட்ஸ்அப்பில் அழைப்புக்கும் பதிலுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட ஓடிவிடலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி இரவு எட்டு மணிக்கு இப்படி அனுப்புகிறாள் என்று கொள்ளலாம். எட்டே காலுக்கு ஆசிரியர் ‘ம், இருக்கேன்’ என்கிறார். அவள் அதைப் பார்ப்பது எட்டரைக்கு. ‘ஒரு டவுட் சார்’ என்று எழுதுகிறாள். ‘கேளு’ என்பதற்குள் ஒன்பது. கணக்கு என்னவென்று ஆசிரியருக்குத் தெரிய வரும்போது, அவள் நோட்டை மூடிவிட்டிருப்பாள். இருவர் மேலும் தவறில்லை. ‘இருக்கேன்’ என்ற பதில் கதவைத் திறந்ததே தவிர, உட்கார நாற்காலி போடவில்லை.

நல்ல பதில் ஒரே செய்தியில் இரண்டையும் செய்யும்: ‘இருக்கேம்மா. எந்தப் பாடம், எந்தக் கணக்கு? நீ போட்ட வரைக்கும் போட்டோ எடுத்து அனுப்பு. தப்பா இருந்தாலும் பரவாயில்லை.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. பல பிள்ளைகள் தயங்குவதே, அடித்துத் திருத்திய பக்கத்தைக் காட்டக் கூச்சப்பட்டுத்தான். ‘என்ன டவுட்?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இன்டெக்ரேஷன் புரியல சார்’ என்றுதான் வரும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

போட்டோ வருகிறது. பகுதித் தொகையிடலில் ஒரு கணக்கு:

```
∫ x eˣ dx
u = eˣ,  dv = x dx
= (x²/2) eˣ − ∫ (x²/2) eˣ dx
```

சூத்திரத்தில் பிழையே இல்லை. u-வைத் தேர்ந்தெடுத்ததில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர் விடையை அனுப்பிவிட்டால் இந்த ஒரு கணக்கு முடியும். அடுத்ததில் மறுபடி நிற்பாள். ‘முதல் வரியில x-க்கு என்ன அடுக்கு, கடைசி வரியில என்ன அடுக்கு, பார்’ என்று கேட்டால், ஒன்று இரண்டாக வளர்ந்திருப்பதை அவளே கண்டுபிடிப்பாள். பிறகு u = x என்று வைத்து x eˣ − eˣ + c என முடிப்பாள்.

ஆசிரியர் எந்நேரமும் கைப்பேசியோடு இருக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில்தான் பார்த்தாலும் ‘இப்பத்தான் பார்த்தேம்மா’ என்று தொடங்கி அதே கேள்விகளைக் கேட்கலாம். நீலக் குறி விழுந்தும் பதில் இல்லாமல் போவதுதான் வலிக்கும். சார் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளை, அடுத்த முறை கேட்காமலே இருந்துவிடும்.

எல்லா அழைப்பும் கணக்குக்காக வருவதில்லை. ஒருபோதும் செய்தி அனுப்பாத மாணவர் நள்ளிரவில் அனுப்புவதும், எழுதியதை அழிப்பதும், தேர்வு முடிவு வந்த அன்று அனுப்புவதும் வேறு அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது பாடத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது. ‘இருக்கேம்ப்பா. என்ன ஆச்சு? போன் பண்ணட்டுமா?’ என்பது போதும். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். அப்படிப்பட்ட பேச்சு வந்தால், பிள்ளையின் பக்கத்தில் நம்பிக்கையான பெரியவர் ஒருவர் இருக்கும்படி உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய இலவச எண்கள் இரவிலும் இயங்குகின்றன.

‘ஒண்ணும் இல்ல சார்’ என்று திரும்பி வரும் பதிலும் உண்டு. அதை அப்படியே ஏற்று விட்டுவிடாமல், மறுநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ‘நேத்து ராத்திரி கூப்பிட்டியே’ என்று தனியாக, தணிந்த குரலில் கேட்கலாம்.