ஆறாவது வரியில் ஒரு டேப்

எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் வருகிறது. பள்ளி ஆய்வகத்தில் பாதி எழுதிய நிரலைப் பென்டிரைவில் எடுத்து வந்து, வீட்டில் வேறொரு எடிட்டரில் திறந்து, ஒரு வரியைச் சேர்த்திருக்கிறாள். அதுவரை ஓடிய நிரல் அதோடு நின்றுவிட்டது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

```
marks = [45, 72, 28]
count = 0
for m in marks:
    if m < 35:
        print("fail", m)
    count = count + 1
print(count)
```

மூன்று பேரின் மதிப்பெண்கள். 35-க்குக் கீழே எடுத்தவரைக் காட்ட வேண்டும். கடைசியில் மொத்தம் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். அவள் சேர்த்தது ஆறாவது வரி. திரையில் வந்த புகாரும் அந்த ஆறாவது வரியின் மேல்தான்:

```
TabError: inconsistent use of tabs and spaces in indentation
```

"அக்கா, நாலாவது வரியும் ஆறாவது வரியும் ஒரே நேராத்தானே இருக்கு? இதுல என்ன தப்பு?" என்றாள்.

கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் நாலாவது வரியின் முன்னால் இருந்தவை நான்கு ஸ்பேஸ்கள். ஆறாவது வரியின் முன்னால் இருந்தது ஒரே ஒரு டேப். பள்ளியில் அவள் பயன்படுத்தியது ஐடில். அதில் டேப் விசையைத் தட்டினாலும் கோப்பில் நான்கு ஸ்பேஸ்கள்தான் பதியும். வீட்டு எடிட்டரோ டேப்பை டேப்பாகவே பதிந்துவிட்டு, அதை நான்கு எழுத்து அகலத்தில் காட்டியது. இரண்டும் வெற்றிடம், அகலமும் ஒன்று. கண் எப்படிக் கண்டுபிடிக்கும்?

டேப் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. விசையை அழுத்தினால் வண்டி அடுத்த நிறுத்தம் வரை தாவும்; அந்த நிறுத்தத்தை எங்கே வைப்பது என்பது தட்டச்சு செய்பவரின் விருப்பம். கணினியிலும் அதே கதைதான். டேப் என்பது ஒற்றை எழுத்து, அதற்கென்று சொந்த அகலம் கிடையாது. பழைய முனையத் திரைகளில் எட்டு இடத்துக்கு ஒரு நிறுத்தம் இருந்தது. இன்றைய எடிட்டர்களில் பெரும்பாலும் நான்கு. வேண்டுமானால் இரண்டாகவும் வைத்துக்கொள்ளலாம்.

சி மொழியில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. அங்கே எது எதற்குள் அடங்கும் என்பதை நெளிவு அடைப்புக்குறிகள் சொல்லிவிடும். உள்தள்ளல் படிப்பவரின் வசதிக்கு மட்டுமே. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம், ஆம்ஸ்டர்டாமில் தாம் முன்பு பணியாற்றிய ஏபிசி என்ற மொழியிலிருந்து வேறு வழியை எடுத்துக்கொண்டார். அதில் வரியின் முன்னால் விடும் வெற்றிடமே இலக்கணம். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு வரி `for`-க்குச் சொந்தமா, `if`-க்குச் சொந்தமா என்று பைத்தான் முடிவுசெய்கிறது. அகலமே இல்லாத ஓர் எழுத்து அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஏழு வரிகளே போதும்.

பழைய பைத்தான் 2 இந்தக் கோப்பைப் பார்த்திருந்தால் எந்தப் புகாரும் சொல்லியிருக்காது. டேப் என்றால் அடுத்த எட்டாவது இடம் வரை என்பது அதன் கணக்கு. ஐந்தாவது வரியில் எட்டு ஸ்பேஸ்கள் இருக்கின்றன. ஆறாவது வரியின் டேப்பும் எட்டு. ஆகவே `count = count + 1` என்ற வரியும் `if`-க்குள் அடங்கியது என்று எடுத்துக்கொள்ளும். தேறாதவர் ஒருவர் மட்டுமே என்பதால் எண்ணிக்கை ஒரே ஒரு முறைதான் கூடும். விடை 3 என்பதற்குப் பதிலாக 1 வரும். பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஏழு வரி நிரலில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். எழுநூறு வரியில் நாள்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

2008-இல் வந்த பைத்தான் 3 இந்த ஊகத்தை விட்டுவிட்டது. டேப்பின் அகலத்தைப் பொறுத்து ஒரு நிரலின் பொருள் மாறும் என்றால், அந்த நிரலை ஏற்பதில்லை என்பது அதன் நிலை. இதற்கு அது செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு வரியின் உள்தள்ளலையும் இரண்டு முறை அளக்கிறது. முதல் முறை டேப்பை எட்டு இடத் தாவலாக. இரண்டாம் முறை வெறும் ஓர் இடமாக. ஐந்தாவது வரி இரண்டு அளவிலும் எட்டுதான். ஆறாவது வரி முதல் அளவில் எட்டு, இரண்டாவதில் ஒன்று. முதல் கணக்குப்படி இரண்டு வரிகளும் சமம். இரண்டாவது கணக்குப்படி ஆறாவது வரி வெளியே வந்துவிட்டது. இரண்டு கணக்கும் இரண்டு விதமாகச் சொன்னதும் நிறுத்திவிடுகிறது. முழுக் கோப்பையும் சரிபார்த்த பிறகுதான் முதல் வரியே ஓடும் என்பதால், `fail 28` என்பதுகூடத் திரையில் வரவில்லை.

டேப் குற்றமல்ல. கோப்பு முழுவதும் டேப்பாகவே இருந்தால் பைத்தான் ஏற்றுக்கொள்ளும். கலப்பதுதான் வம்பு. நான்கு ஸ்பேஸ் என்பது பைத்தான்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட நடைமுறை.

`unexpected indent` என்ற புகார் இதற்கு உறவுதான் என்றாலும் எளியது. தள்ளி எழுதக் காரணமில்லாத இடத்தில் ஒரு வரி தள்ளி நிற்கிறது என்பது அதன் பொருள். புத்தகத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ ஒட்டும்போது முன்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும். பிழைச் செய்தியில் பைத்தான் அந்த வரியைக் காட்டும்போது அதன் முன்வெற்றிடத்தை நீக்கிவிட்டு, தன் பாணியில் தள்ளித்தான் காட்டும். ஆகவே செய்தியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த ஒற்றை ஸ்பேஸ் அகப்படாது, கோப்பில்தான் பார்க்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. சோதித்துப் பார்க்க `if` வரிக்கு முன் `#` போட்டுவிட்டு, அதன் கீழே தள்ளி நிற்கும் வரியை அப்படியே விட்டுவிடுவோம். அப்போது புகார் கீழ்வரியின் மேல் வரும். காரணம் மேல்வரியில் இருக்கும்.

அவளுடைய கோப்பைக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு, தனியாக இரண்டு வரி நிரல் எழுதி ஓட்டினோம்:

```
for n, line in enumerate(open("mark.py", encoding="utf-8"), 1):
    print(n, repr(line))
```

`repr` ஒவ்வொரு எழுத்தையும் மறைக்காமல் காட்டும். டேப் இருந்தால் `\t` என்று வரும். வந்தது:

```
5 '        print("fail", m)\n'
6 '\tcount = count + 1\n'
```

"ஓ, இதுவா!" என்றாள்.

ஒரே வரி என்பதால் அந்த டேப்பை அழித்துவிட்டு நான்கு முறை ஸ்பேஸ் தட்டினால் முடிந்தது. பல வரிகள் இருந்தால் ஐடிலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, `Format` பட்டியலில் `Untabify Region` கொடுக்கலாம். ஒரு டேப்புக்கு எத்தனை இடம் என்று அது கேட்கும். அந்தக் கேள்வியில் அவசரப்படக் கூடாது. எழுதியபோது எடிட்டர் எந்த அகலத்தில் காட்டியதோ அதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அவள் விஷயத்தில் அது 4. நகல் ஒன்று எடுத்து, அதில் வேண்டுமென்றே 8 கொடுத்து அவளுக்கு ஓட்டிக் காட்டினேன். டேப் ஒன்றுகூட இல்லாத கோப்பு. பைத்தான் வாய் திறக்கவில்லை. திரையில் `fail 28` வந்தது, அதன் கீழே 1 வந்தது.